பாடப் பட்டியலில் புதியவர், அமெச்சூர், அனுபவசாலி, நிபுணர்: எதை எங்கே போடுவது?

கேள்வி: எக்செல் பாடத்தை மூன்று பகுதிகளாக வீடியோ எடுத்து யுடெமியில் தமிழில் போடப்போகிறேன். தலைப்பு, விளக்கம் என்று தளத்தில் பாடத்துக்கு எழுதும் பட்டியல் முழுக்க பிகினர், எக்ஸ்பர்ட் என்றே திரும்பத் திரும்ப வருகிறது, படிக்கவே சலிப்பாக இருக்கிறது. நாவிஸ், அமெச்சூர், வெட்டரன், ஸ்பெஷலிஸ்ட் என்று மாற்றி மாற்றிப் போடலாமா? தமிழில் போடுவதென்றால் எந்தச் சொற்கள் சரிப்படும்?

பதில்:

நிலையைச் சொல்கிற இடத்தில் மாற்றிப் போடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது ஒரே சொல் மறுபடி வந்தால் வாத்தியார் சிவப்பு மையில் வட்டம் போடுவார். அந்தப் பயம் நமக்கு இன்னும் போகவில்லை. பாடப் பட்டியலைப் பார்க்கிறவர் அதைக் கட்டுரையாகப் படிப்பதில்லை. தலைப்பில் "பிகினர்", விளக்கத்தில் "நாவிஸ்", கீழே யாருக்கான பாடம் என்கிற இடத்தில் "அமெச்சூர்" என்று கண்டால், இவை மூன்றும் மூன்று விதமான ஆட்களைக் குறிக்கின்றனவோ என்றுதான் யோசிப்பார். அந்தக் குழப்பத்தோடு யாரும் பணம் கட்டமாட்டார்கள். ஒரு படிக்கு ஒரு சொல் என்று முடிவு செய்து, அது பத்து இடத்தில் வந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுங்கள்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இந்தச் சொற்கள் ஒரே விஷயத்தை அளப்பதில்லை. நாவிஸ் என்பது ஒருவர் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பதைச் சொல்கிறது. அமெச்சூர் என்பது அவர் அதைப் பிழைப்புக்காகச் செய்கிறாரா, பிரியத்துக்காகச் செய்கிறாரா என்பதை. வெட்டரன் என்றால் எத்தனை வருடம் என்ற கணக்கு. ஸ்பெஷலிஸ்ட் என்றால் எவ்வளவு குறுகிய துறை. எக்ஸ்பர்ட் என்பது மட்டும்தான் திறமையை நேராகச் சொல்கிறது, அதிலும் வேறொரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நாவிஸ் லத்தீன் வழியாக வந்த சொல். கிறிஸ்தவத் துறவற மடங்களில் நிரந்தர வாக்குறுதி கொடுப்பதற்கு முன் பயிற்சியில் இருப்பவரை அப்படி அழைப்பார்கள். வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பவர் நாவிஸ் இல்லை. உள்ளே வந்துவிட்டவர், ஆனால் இன்னும் சோதனைக் காலத்தில் இருப்பவர். கற்றல் ஆராய்ச்சியிலும் அதற்குக் குறிப்பான பொருள் உண்டு. 1980இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டூவர்ட் டிரைஃபஸ், ஹூபர்ட் டிரைஃபஸ் சகோதரர்கள் திறமை எப்படி வளர்கிறது என்பதைப் படிப்படியாக வகுத்தார்கள். அதில் முதல் படி நாவிஸ், பிற்பாடு அவர்கள் திருத்திய வடிவத்தில் ஐந்தாவது படி எக்ஸ்பர்ட். நாவிஸ் என்பவர் சூழ்நிலையைப் பார்க்காமல் சொன்ன விதியை அப்படியே பின்பற்றுகிறவர். எக்ஸ்பர்ட்டுக்கு விதி நினைவுக்கே வராது, பார்த்த மாத்திரத்தில் கை போய்விடும். செவிலியர் கல்வியில் 1984இல் பாட்ரிஷியா பென்னர் இதே படிகளை எடுத்தாண்டதால் நர்சிங் படித்தவர்களுக்கு இந்தச் சொற்கள் பழக்கம். நர்சிங் பாடத்துக்குப் பட்டியல் எழுதுவதாக இருந்தால் நாவிஸ் என்று போடுங்கள் என்று நானே சொல்வேன். எக்செல் கற்க வருகிறவர் தேடும் சொல் அது இல்லை.

அமெச்சூர்தான் இருப்பதிலேயே வம்பு பிடித்த சொல். மூலத்தில் அதற்கு நேசிப்பவர் என்று பொருள். திறமை குறைவு என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை ஓர் அமெச்சூர் நாடகக் குழு. அதில் நடித்தவர்கள் வழக்கறிஞர்களும் அரசு உத்தியோகஸ்தர்களும். வருமானம் வேறு வேலையில், நாடகம் ஆசைக்கு. அதே காலத்துத் தொழில்முறை நாடகக் கம்பெனிகளோடு ஒப்பிட்டு அவர்களை அமெச்சூர் என்றார்களே தவிர, நடிக்கத் தெரியாதவர்கள் என்ற அர்த்தத்தில் இல்லை. கபடியை நிர்வகிக்கும் தேசிய அமைப்பின் பெயரில் இன்றைக்கும் அமெச்சூர் இருக்கிறது. அதன் வீரர்கள் புரோ கபடி லீக்கில் லட்சக்கணக்கில் ஏலம் போகிறார்கள். ஹாம் ரேடியோவை எடுத்துக்கொண்டால், இந்தியாவில் அமெச்சூர் வானொலி நிலையம் நடத்த மத்திய அரசின் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். மின்சுற்றும் அலைபரப்பும் விதிமுறைகளும் தெரியாமல் அந்தத் தேர்வில் தேற முடியாது. அங்கே அமெச்சூர் என்பது பரீட்சை பாஸ் செய்தவருக்குக் கிடைக்கும் பெயர்.

ஆனால் பேச்சு வழக்கில் "ரொம்ப அமெச்சூரா இருக்கு" என்றால் திட்டு. ஆக இந்த ஒரு சொல்லுக்கு மரியாதையான பொருளும் உண்டு, அவமரியாதையான பொருளும் உண்டு, படிக்கிறவர் எதை எடுத்துக்கொள்வார் என்பது உங்கள் கையில் இல்லை. புகைப்படம், வானியல், செடி வளர்ப்பு மாதிரி பொழுதுபோக்காகச் செய்கிற துறைகளில் "அமெச்சூர்களுக்கு" என்று போட்டால் பொருந்தும், அங்கே அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. எக்செல்லை யாரும் ஞாயிற்றுக்கிழமை ஆசைக்காகச் செய்வதில்லை (செய்கிற சிலரை எனக்குத் தெரியும், அவர்களுக்கு உங்கள் பாடம் தேவைப்படாது). எனவே உங்கள் பட்டியலில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை.

வெட்டரன் விஷயத்தில் ஆபத்து வேறு மாதிரி. அமெரிக்காவில் அந்தச் சொல் தனியாக நின்றால் முன்னாள் ராணுவத்தினர் என்றுதான் பொருள். அவர்களுக்கென்றே அரசுத் துறையும் படிப்பு உதவித் திட்டமும் இருக்கின்றன. இந்தியாவிலும் ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், ஆங்கிலத்தில் அதன் பெயரில் இருப்பது இதே சொல்தான். உங்கள் மூன்றாம் பாடத்துக்கு ஆங்கில உபதலைப்பில் எக்செல் ஃபார் வெட்டரன்ஸ் என்று வைத்தீர்களானால், வேலை தேடும் முன்னாள் சிப்பாய்களுக்கான பாடம் என்று நினைத்து ஆட்கள் வருவார்கள். மேசைப்பந்தாட்டத்தில் வெட்டரன்ஸ் பிரிவு என்றால் 40 வயதுக்கு மேற்பட்டவர்கள், அவ்வளவுதான், ஆட்டம் எப்படி என்பது வேறு கதை.

இதை விட்டுவிட்டாலும் வெட்டரன் என்பது வருடக் கணக்கு என்பது போகாது. வருடமும் திறமையும் எக்செல்லில் சேர்ந்து போவதில்லை. பதினைந்து வருடம் கணக்குப் பிரிவில் எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு, கூட்டலை மட்டும் கால்குலேட்டரில் போட்டுக் கட்டத்தில் தட்டுகிறவர்கள் நிறைய அலுவலகங்களில் இருக்கிறார்கள். நிறம் பூசுவதில் கில்லாடிகள், பிவட் டேபிளைத் தொட்டதே இல்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம் "அனுபவசாலிகளுக்கான பாடம்" என்று சொன்னால் தன்னைத்தான் சொல்கிறீர்கள் என்று நம்பி மூன்றாம் பாடத்தை வாங்குவார். இரண்டாவது வீடியோவிலேயே திணறிப் போவார். யுடெமியில் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், கேட்பார். போகிற போக்கில் ஒற்றை நட்சத்திரமும் கொடுத்துவிட்டுப் போவார். அவர்மேல் தப்பு சொல்ல முடியாது.

ஸ்பெஷலிஸ்ட் என்றதும் நமக்கு டாக்டர்தான் ஞாபகம் வரும். இருதயம் ஒருவர், எலும்பு ஒருவர். அங்கே அது பொது மருத்துவத்துக்கு மேலே ஒரு படி. அதனால் ஸ்பெஷலிஸ்ட் என்றாலே உச்சம் என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் துறையிலேயே அது தலைகீழாக இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தரும் எக்செல் சான்றிதழ்களின் குடும்பப் பெயர் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஸ்பெஷலிஸ்ட். அதற்குள் எக்செல் அசோசியேட் என்பது கீழ்ப்படி, எக்செல் எக்ஸ்பர்ட் என்பது மேல்படி. அதாவது அடிப்படைத் தேர்வை மட்டும் பாஸ் செய்தவரும் ஸ்பெஷலிஸ்ட்தான். கோட்ஃபோர்சஸ் என்ற நிரல் போட்டித் தளத்திலும் ஸ்பெஷலிஸ்ட் என்ற பட்டம் எக்ஸ்பர்ட்டுக்கு ஒரு படி கீழே. கோர்செரா என்ற பாடத் தளத்தில் ஸ்பெஷலைசேஷன் என்பது நிலையின் பெயரே இல்லை, பல பாடங்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு. ஆக, எக்செல் பாடத்தில் "ஸ்பெஷலிஸ்ட் ஆகுங்கள்" என்று எழுதினால், விஷயம் தெரிந்தவர் உங்கள் பாடம் அந்தச் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயார் செய்கிறது என்று எடுத்துக்கொள்வார். அப்படித் தயார் செய்கிறீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால் அது பொய்யான வாக்கு.

இப்போது எக்ஸ்பர்ட். அதிலிருக்கும் சிக்கல், யாரைச் சொல்கிறோம் என்பது தெரியாமல் போவது. "எக்ஸ்பர்ட் எக்செல் பாடம்" என்றால் எக்ஸ்பர்ட் நடத்தும் பாடமா, எக்ஸ்பர்ட்டுகளுக்கான பாடமா, முடித்தால் எக்ஸ்பர்ட் ஆகிவிடலாமா? மூன்றும் மூன்று வேறு செய்திகள். ஒரு பட்டியலில் ஆள் வருகிற இடம் மூன்று: உள்ளே வருகிறவர், வெளியே போகிறவர், நடத்துகிறவர். நிலை என்ற பெட்டி முதல் ஆளைப் பற்றியது மட்டும். உள்ளே வரும்போது அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அதில் கேட்கப்படும் கேள்வி. எழுதுகிறவர்கள் அதில் மூன்றாவது ஆளின் பெருமையையும் இரண்டாவது ஆளின் ஆசையையும் கொண்டுபோய்த் திணிப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

தமிழில் எழுதுவதில் இங்கே ஒரு வசதி இருக்கிறது. "தொடங்குபவர்களுக்கு" என்று வேற்றுமை உருபைப் போட்டுவிட்டால் யாருக்கு என்பது தெளிவாகிவிடும். தலைப்பில் இடமில்லாமல் உருபை வெட்டும்போதுதான் மறுபடி குழப்பம் வரும்.

சரி, தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். ஆளைக் குறிக்கும் சொற்கள் நம்மிடம் ஏராளம். கீழ்ப்படிக்குப் புதியவர், கற்றுக்குட்டி, புதுமுகம். மேல்படிக்கு நிபுணர், வல்லுநர், விற்பன்னர், வித்தகர், கைதேர்ந்தவர், கரைகண்டவர், ஜாம்பவான், பழம் தின்று கொட்டை போட்டவர். பேச்சுக்கு எல்லாமே அழகு. பட்டியலில் வைத்துப் பாருங்கள். "கற்றுக்குட்டிகளுக்கு எக்செல்" என்றால் பணம் கொடுத்து வருகிறவரை வாசலிலேயே கேலி செய்வதாகிவிடும். விளையாட்டுச் செய்திகளில் தோற்கப்போகிற அணிக்கு வைக்கும் பெயர் அது. புதுமுகம் என்றால் சினிமா வாசனை. ஜாம்பவான் என்றால் ஓய்வு பெறப்போகிற கிரிக்கெட் வீரர். விற்பன்னர் என்பதைப் படித்தால் புரியும், ஆனால் தேடுபொறியில் யாரும் தட்டமாட்டார்கள். வித்தகர் யாழ்ப்பாணத்தில் வெறும் புகழ்ச்சொல் இல்லை: வட இலங்கைச் சங்கீத சபை நடத்தும் தேர்வுகளை ஒவ்வொரு தரமாக எழுதி ஆசிரியர் தரம் வரை தேறியவருக்குக் கலாவித்தகர் என்ற பட்டம். ஆறு மணி நேர வீடியோ பார்த்தவரை எக்செல் வித்தகர் என்று அழைத்தால் அங்கே சிரிப்பார்கள்.

மிஞ்சுவது புதியவர், நிபுணர், வல்லுநர். இவற்றில் குற்றம் இல்லை. ஆனாலும் பட்டியலின் நிலைப் பெட்டிக்கு ஆளின் பெயர் வேண்டாம், படியின் பெயர் வையுங்கள் என்பதுதான் என் கட்சி. "புதியவர்" என்பது அவரைப் பற்றிய தீர்ப்பு, "தொடக்கநிலை" என்பது பாடத்தைப் பற்றிய தகவல். பதினைந்து வருட அலுவலக அனுபவம் உள்ளவர் தன்னைப் புதியவர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். தொடக்கநிலைப் பாடத்தை "ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்று கூச்சமில்லாமல் வாங்குவார். பெரிய தளங்களிலும் பெரும்பாலும் படியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எட்எக்ஸில் Introductory, Intermediate, Advanced. கோர்செராவில் மேல்படி Advanced. யுடெமிதான் மேல்படிக்கு Expert என்று ஆளின் பெயரை வைத்திருக்கிறது.

படிக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் நம்மூர்ப் பள்ளிக்கூடம் குறுக்கே வரும். முதல் படிக்குத் தொடக்கநிலை, பிரச்சினை இல்லை. ஆரம்பநிலை என்றாலும் அதேதான், இலங்கை வாசகர்களுக்கும் பழக்கமானது. நடுப் படிக்கு நடுநிலை என்று சிலர் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி என்றால் எட்டாம் வகுப்பு வரை, அது போகட்டும், நடுநிலை என்றால் எந்தப் பக்கமும் சாயாதது என்ற பொருள்தான் முதலில் வரும். நடுநிலை எக்செல் என்றால் என்னவென்று நினைப்பது? இடைநிலை என்று வையுங்கள். மேல்படிக்கு உயர்நிலையா, மேல்நிலையா? பள்ளிக்கூடக் கணக்கில் உயர்நிலை பத்தாம் வகுப்பு, மேல்நிலை பன்னிரண்டாம் வகுப்பு, அதாவது மேல்நிலைதான் மேலே. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்துவிடாதீர்கள், எது மேலே என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று நினைப்பார்கள். உயர்நிலை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். இளநிலை, முதுநிலை வேண்டாம், அவை பட்டப் படிப்பைச் சொல்லும்.

ஆனால் எந்தச் சொல்லை வைத்தாலும் அதற்குப் பின்னால் ஓர் அளவு இருந்தால்தான் அது நிற்கும். தமிழ்நாட்டில் தட்டச்சுப் பள்ளிக்குப் போனவர்கள் "லோயர் முடித்தேன், ஹையர் முடித்தேன்" என்பார்கள். சொற்களில் ஒரு விவரமும் இல்லை, இருந்தும் கேட்கிறவருக்குச் சந்தேகமே வருவதில்லை. லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45 சொல், அரசுத் தேர்வு, நேரம் பார்த்து வைத்தது. இந்தி பிரச்சார சபாவில் பிராத்மிக் தொடங்கி பிரவீண் வரை போகிற தேர்வுகளும் அப்படித்தான். பிரவீண் என்ற சொல்லுக்கே நிபுணர் என்றுதான் பொருள், ஆனால் சொல்லை வைத்து யாரும் மதிப்பதில்லை, எழுதிய தாள்களை வைத்து மதிக்கிறார்கள். உங்கள் பாடத்துக்கு அப்படி ஒரு அளவை நீங்கள்தான் செய்ய வேண்டும். எக்செல்லில் அது சுலபம்.

மூன்று கேள்விகள் போதும். பட்டியலின் விளக்கத்திலேயே, விலைக்குப் பக்கத்தில் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். முதல் கேள்வி, இதைப் பார்த்ததும் என்ன செய்யும் என்று சொல்ல முடிகிறதா:

```
=SUM(B2:B31)
```

பி நெடுவரிசையில் இரண்டாம் கட்டத்திலிருந்து முப்பத்தொன்றாம் கட்டம் வரை கூட்டும். இது தெரியவில்லையா, தொடக்கநிலைக்கு வாருங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஐந்தாவது வீடியோவில் தெரிந்துவிடும் என்று எழுதுங்கள்.

இரண்டாவது கேள்வி டாலர் குறி:

```
=C2*$F$1
```

எஃப் ஒன்றாம் கட்டத்தில் 18 சதவீத வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாலர் குறி இல்லாமல் `=C2*F1` என்று எழுதிக் கீழே இழுத்தால் அடுத்த வரியில் அது `=C3*F2` ஆகிவிடும். எஃப் இரண்டு காலியாக இருக்கும், விடை பூஜ்யம். முதல் வரி மட்டும் சரியாக வந்து மீதியெல்லாம் பூஜ்யமாக இருக்கிற தாளை அலுவலகத்தில் பார்த்திருப்பீர்கள், காரணம் பெரும்பாலும் இதுதான். டாலர் எதற்கு என்று தன் வார்த்தையில் சொல்ல முடிகிறவர் இடைநிலைக்குத் தயார். சொல்ல முடியாதவர் எத்தனை வருடம் எக்செல்லில் இருந்தாலும் முதல் பாடத்தின் பின்பாதியைப் பார்த்துவிட்டு வரட்டும். வெட்டரன் என்ற சொல் பிரிக்க முடியாத இரண்டு ஆட்களை இந்த ஒரு குறி பிரித்துவிடும்.

மூன்றாவது, ஃபார்முலா இல்லாத கேள்வி. ஐந்நூறு வரி விற்பனைப் பட்டியல் கொடுத்து, ஊர்வாரியாக, மாதவாரியாக மொத்தம் வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? ஒவ்வோர் ஊராக வடிகட்டிப் பார்த்து எண்ணை வேறு தாளில் எழுதுகிறவர் இடைநிலை. பிவட் டேபிள் போடுகிறவர் உயர்நிலை.

இந்த மூன்றையும் வைத்துவிட்டால், நிலைப்பெயர் எதுவாக இருந்தாலும் ஆள் சரியான வாசலுக்கு வந்துவிடுவார். கூடவே எக்செல்லின் எந்தப் பதிப்பு என்பதையும் முன்தேவைப் பகுதியில் சொல்லிவிடுங்கள். இடைநிலையில் `XLOOKUP` நடத்துகிறீர்கள் என்றால் அது 2019 பதிப்பில் கிடையாது, 2021 பதிப்பிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் மாதச் சந்தாப் பதிப்பிலும்தான் உண்டு. பழைய பதிப்பு வைத்திருக்கிற உண்மையான நிபுணர்கூட அந்த வீடியோவில் தொடக்கநிலைக்காரர் மாதிரி முழிப்பார்.

யுடெமியின் நிலைப் பெட்டியில் உங்களுக்குத் தேர்வு நான்குதான்: Beginner Level, Intermediate Level, Expert Level, All Levels. முதல் இரண்டு பாடத்துக்கும் நேரடியான பொருத்தம். மூன்றாவதற்கு Expert என்பதைத் தேர்ந்தெடுங்கள், வேறு வழியில்லை, வடிகட்டிப் பார்க்கிறவர்கள் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஆனால் அது பெட்டியோடு நிற்கட்டும், தமிழ்த் தலைப்பில் "நிபுணர்" என்று மொழிபெயர்க்க வேண்டாம், உயர்நிலை என்றே போடுங்கள். All Levels என்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். எல்லோரும் வருவார்கள் என்று தோன்றும், வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பாடம் ரொம்ப மெதுவாகவும் மீதிப் பேருக்கு ரொம்ப வேகமாகவும் இருக்கும்.

தலைப்பு நீளம் பற்றி ஒரு விஷயம், தமிழில் எழுதுகிறவர்கள் மட்டும் மாட்டிக்கொள்கிற விஷயம். யுடெமியில் தலைப்புக்கு 60 எழுத்து, உபதலைப்புக்கு 120. கணினியின் கணக்கில் நம் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி எழுத்துகள். தொடக்கநிலை என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, யூனிகோட் கணக்கில் பத்து. உங்களுக்குத் தோன்றக்கூடிய ஒரு தலைப்பையே எடுத்துக்கொள்வோம்: "கற்றுக்குட்டி முதல் கைதேர்ந்த நிபுணர் வரை எக்செல் முழுமையாக". கண்ணால் எண்ணினால் இடைவெளியோடு சேர்த்து 36. யூனிகோட் கணக்கில் 59. இருந்த இடம் முழுவதையும் ஆளைப் பற்றிய சொற்களே தின்றுவிட்டன, பாடத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை. பதிலுக்கு "எக்செல் தொடக்கநிலை: கணக்கும் பட்டியலும்" என்று வைத்தால் அதே கணக்கில் 39. மீதியில் "2021" என்று பதிப்பைச் சேர்க்கலாம், வேறு எதையாவது சேர்க்கலாம். மூன்று பாடத்துக்கும் இதே அச்சில் தலைப்பு வையுங்கள், பெயரும் நிலையும் முன்னால், உள்ளடக்கம் பின்னால். வரிசையாகப் பார்த்தால் ஒரே குடும்பம் என்று தெரியும்.

சலிப்பு தட்டுகிறது என்றீர்களே, மாற்றுச் சொற்களுக்கு இடமே இல்லாமல் போய்விடவில்லை. யாருக்கான பாடம் என்கிற பகுதியில் ஆட்களை விவரமாக எழுதலாம், அங்கே வேண்டிய மட்டும் வகை காட்டலாம். "கடைக் கணக்கை நோட்டில் எழுதிவந்து இப்போது கணினிக்கு மாறுகிறவர்கள்", "டைப்பிங் ஹையர் முடித்து அலுவலக வேலைக்கு முயல்கிறவர்கள்", "பல வருடமாக எக்செல் பார்த்துவந்தும் ஃபார்முலா பக்கம் போகாதவர்கள்" என்று எழுதினால் புதியவர், நாவிஸ், அனுபவசாலி ஆகிய மூன்று சொல்லும் சொல்ல நினைத்ததை அவை இல்லாமலே சொல்லியாகிவிட்டது. படிக்கிறவர் தன்னை அதில் கண்டுகொள்வார்.

வெட்டரனும் ஸ்பெஷலிஸ்டும் உண்மையாகவே பொருந்துகிற இடம் உங்களைப் பற்றிய அறிமுகம். அங்கே வருடம் சொல்லலாம், எந்தத் துறையில் ஆழமாக வேலை செய்தீர்கள் என்று சொல்லலாம். அங்கேயும் "எக்செல் ஜாம்பவான்" என்று நீங்களே போட்டுக்கொள்வதைவிட "பஞ்சாலை ஒன்றில் பன்னிரண்டு வருடம் இருப்புக் கணக்கு பார்த்தவர்" என்பது மாதிரி உங்கள் வேலையைச் சொன்னால் நம்புவார்கள்.

கடைசியாகத் தேடல். தமிழ் தட்டித் தேடுகிறவர்கள் ஒரே சொல்லைப் பல விதமாகத் தட்டுகிறார்கள். வல்லுநர் என்பதுதான் சரி, ஓட்டுநர், இயக்குநர் போல. ஆனால் வல்லுனர் என்று தட்டுகிறவர்களும் நிறைய. எக்செல், எக்ஸெல் இரண்டும் புழக்கத்தில் உண்டு, அப்புறம் ஆங்கில எழுத்தில் Excel என்று தட்டிப் பக்கத்தில் தமிழ் என்று போடுகிறவர்கள். தலைப்பில் ஒரு வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, நீள விளக்கத்தின் நடுவே மற்ற வடிவங்கள் ஒவ்வொன்றும் ஒரு முறை இயல்பாக வருகிற மாதிரி வாக்கியம் அமையுங்கள். பிகினர் என்ற சொல்லையும் அங்கே ஒரு முறை சேர்த்துவிடுங்கள். தமிழில் படிக்க விரும்புகிறவர்களிலும் நிறையப் பேர் தேடும்போது தட்டுவது அதைத்தான்.